அப்பாயி சொன்ன உறவுமுறையைத் தலைமுறைப் பட்டியலாக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் அப்பாயி பேசியதைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அதை ஆண்டுகளோடு தலைமுறை வாரியாக, உள்தள்ளி எழுதிய பட்டியலாக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் சாமிநாதன் என்பவர் எனக்கு ஒரு வழியில் கொள்ளுத்தாத்தா, இன்னொரு வழியில் எள்ளுத்தாத்தா என்று வருகிறது. எது சரி? அப்பாயி சொன்னது இதுதான் (பெயர்களை மாற்றியிருக்கிறேன்):

"எங்க தாத்தா சாமிநாதனுக்கு ரெண்டு தாரம். மூத்தவ காமாட்சி, எங்கம்மா கமலத்தைப் பெத்துட்டு போயிட்டா. அதுக்கப்புறம் மீனாட்சியைக் கட்டினாரு. அவளுக்கு ரெண்டு பையன், ஒரு பொண்ணு. பெரிய மாமா கணபதிக்குப் புயலடிச்ச வருஷம் கல்யாணம், நான் அப்ப எங்கம்மா இடுப்புல. சின்ன மாமாவை எனக்குக் கட்டி வச்சாங்க, மகாமகம் முடிஞ்ச வைகாசியில. எனக்குப் பதினெட்டு வயசு. சித்தி ருக்மணியை மாயவரத்துல குடுத்துச்சு. உங்கப்பன் சாதாரண வருஷம் தை மாசம் பொறந்தான். அவன் கைக்குழந்தையா இருக்கறப்பதான் தாத்தா ஆடி அமாவாசைக்கு மொத நாள் போனாரு. என் தம்பி துரைக்குப் பெரிய மாமா மக வசந்தாவையே கட்டிட்டோம், எம்ஜிஆர் ஆட்சிக்கு வந்த வருஷம்."

பதில்:

இரண்டுமே சரி. உங்கள் அப்பாயி தன் தாய்மாமனைக் கட்டியிருக்கிறார். அப்பாவின் அப்பா வழியாக ஏறினால் சாமிநாதன் மூன்றாவது படியில் வருவார், அப்பாயி வழியாக ஏறினால் நான்காவது படியில். அக்கா மகளைக் கட்டும் வழக்கம் உள்ள எந்தக் குடும்பத்திலும் இந்த ஒரு படி வித்தியாசம் வரும். அதனால் "எத்தனையாவது தலைமுறை" என்ற கணக்கை உங்களிடமிருந்து மேலே ஏறி எண்ணாமல், தெரிந்தவர்களில் மூத்தவரான சாமிநாதனை 1 என்று வைத்து அங்கிருந்து கீழே இறங்கி எண்ணுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

மீதிக் குழப்பத்துக்குக் காரணம் உறவுப் பெயர்கள். மாமா, சித்தி, தாத்தா எல்லாம் சொல்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை. அதிலும் அப்பாயி ஒரே மூச்சில் இடம் மாறி மாறிப் பேசுகிறார். "எங்க தாத்தா" என்னும்போது அவர் கமலத்தின் மகள். "உங்கப்பன்" என்னும்போது உங்கள் பக்கம் வந்து நின்று பேசுகிறார். சாமிநாதன் அவருக்கு மாமனாரும்தான், ஆனால் பிறந்ததிலிருந்து தாத்தா என்று கூப்பிட்டவரைக் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் மாற்றிக் கூப்பிடுவதில்லை. ருக்மணியும் அப்படித்தான். கட்டிய முறைக்கு நாத்தனார், பிறந்த முறைக்குச் சித்தி. அப்பாயி வாயில் வருவது சித்திதான். இதைக் கவனிக்காவிட்டால் ருக்மணியைக் காமாட்சியின் மகளாக, கமலத்தின் கூடப்பிறந்த தங்கையாக எழுதிவிடுவீர்கள். தாய் வேறு என்பது அந்தச் சொல்லில் தெரியாது.

"மாமா" இன்னும் மோசம். தாய்மாமன், அத்தையின் கணவர், மாமனார், சில வீடுகளில் கணவரின் அண்ணன், ஏன், கணவரே கூட மாமாதான். இந்தப் பதிவில் இரண்டு மாமாக்களும் தாய்மாமன்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிவது, "அவளுக்கு ரெண்டு பையன்" என்று தாயைக் காட்டிச் சொல்லியிருப்பதால் மட்டுமே. சின்ன மாமாவின் பெயரை அப்பாயி எங்குமே சொல்லவில்லை பாருங்கள். மறதி இல்லை, கணவர் பெயரைச் சொல்லாத பழக்கம். அவருக்கு ராஜமாணிக்கம் என்றும் அப்பாயிக்குச் செல்லம் என்றும் பெயர் வைத்துக்கொள்கிறேன், உண்மைப் பெயர்களைக் குடும்ப அட்டையிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே பட்டியலுக்கு முன்னால் ஒரு இடைத்தாள் தயார் செய்யுங்கள். அதில் உறவுப் பெயர் எதுவும் வரக்கூடாது. இன்னாரின் பிள்ளை இன்னார், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இந்த இரண்டு வகை வாக்கியம் மட்டும்தான். "பெரிய மாமா மக வசந்தாவை என் தம்பிக்குக் கட்டினோம்" என்பது தாளில் மூன்று வரியாகும்: வசந்தா, கணபதியின் மகள். துரை, கமலத்தின் மகன். துரைக்கும் வசந்தாவுக்கும் திருமணம். இப்படி உடைக்க முடியாத வாக்கியம் ஏதாவது இருந்தால் அங்கே ஒரு தகவல் குறைகிறது என்று அர்த்தம், அப்பாயியிடம் திரும்பப் போக வேண்டிய இடம் அது. உதாரணமாக, கமலத்தின் கணவர், அதாவது அப்பாயியின் அப்பா, முழுப் பேச்சிலும் வரவே இல்லை.

இனி ஆண்டுகள். அப்பாயி ஒரு ஆங்கில ஆண்டுகூடச் சொல்லவில்லை, ஆனால் கொடுத்திருக்கும் தடயங்கள் நல்ல தடயங்கள். எது உறுதியோ அதில் தொடங்க வேண்டும். இங்கே அது உங்கள் அப்பாவின் பிறப்பு.

"சாதாரண வருஷம்" என்பதை ஏதோ விசேஷம் இல்லாத வருஷம் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுகளில் சாதாரண 44ஆவது. கணக்குப் போட எளிய வழி: வரிசை எண்ணோடு 1926ஐக் கூட்டினால் அந்தத் தமிழ் ஆண்டு தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். 1926 + 44 = 1970. ஒரு சுற்று முன்னால் என்றால் 1866ஐக் கூட்ட வேண்டும், 1910 வரும், அது உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. ஆக 1970 ஏப்ரல் நடுவில் தொடங்கிய ஆண்டு. ஆனால் தை மாதம் அந்த ஆண்டின் பிற்பகுதி, ஆங்கிலக் கணக்கில் 1971 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். தமிழ் ஆண்டை மாற்றும்போது வழக்கமாக நடக்கும் பிழை இதுதான். மார்கழிப் பின்பாதி, தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஒரு ஆண்டு கூட்ட வேண்டும். பள்ளிச் சான்றிதழில் வேறு தேதி இருந்தால் குழம்பாதீர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக வாத்தியாரே மே, ஜூன் என்று போட்ட பிறந்த நாட்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறித்து வையுங்கள்.

அந்த ஆணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகலாம். மகாமகம் 1956, 1968, 1980 என்று வந்திருக்கிறது. உங்கள் அப்பாதான் மூத்த பிள்ளை, பிறந்தது 1971 தொடக்கத்தில் என்றால் 1968 மாசி மகாமகம்தான், அடுத்த வைகாசி 1968 மே நடுவிலிருந்து ஜூன் நடுவுக்குள். பதினெட்டு வயது என்றதால் அப்பாயி பிறந்தது சுமார் 1950. வயது கணக்கில் ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கும், அதனால் "சுமார்" என்ற சொல்லை விடாதீர்கள்.

புயல் எது? டெல்டாப் பக்கத்தில் வயதானவர்கள் வருஷம் சொல்லாமல் "புயல்" என்றால் பெரும்பாலும் 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயல், அல்லது 1977 நவம்பர் புயல். 1964 தனுஷ்கோடிப் புயலையும் சேர்த்துக்கொள்ளலாம். இடுப்பில் இருக்கும் குழந்தை என்ற ஒரு சொல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. 1952இல் அப்பாயிக்கு இரண்டு வயது இருக்கும், 1964இல் பதினான்கு, 1977இல் அவரே பிள்ளைக்காரி. வேறொரு வழியிலும் சரிபார்க்கலாம். எம்ஜிஆர் முதல்வரானது 1977 ஜூனில். அந்த ஆண்டு வசந்தாவுக்குக் கல்யாணம் என்றால் அவளுடைய அப்பா கல்யாணம் 1964இல் நடந்திருக்க முடியாது. இப்படி இரண்டு தனித்தனி வழியில் ஒரே விடை வந்தால்தான் நான் ஒரு ஆண்டைப் பேனாவால் எழுதுவேன், அதுவரை பென்சில்தான். இங்கேயும் சின்ன ஜாக்கிரதை தேவை. புயல் வந்தது கார்த்திகையில், "புயலடிச்ச வருஷம்" என்பது நந்தன ஆண்டு முழுவதையும் குறிக்கலாம், அதாவது 1953 ஏப்ரல் வரை. ஆகவே 1952/53 என்று சாய்கோடு போடுவது நேர்மை.

சாமிநாதனின் இறப்பு: உங்கள் அப்பா கைக்குழந்தை, ஆடி அமாவாசைக்கு முதல் நாள். தையில் பிறந்த குழந்தை ஆடியில் ஆறு மாதம். 1971 ஜூலை. நாளே வேண்டுமானால் அந்த விரோதிகிருது ஆண்டுப் பஞ்சாங்கத்தில் தேய்பிறை சதுர்த்தசியைப் பார்த்தால் போதும். வீட்டில் திவசம் கொடுக்கிறார்கள் என்றால் திதி மறந்திருக்காது. நம் குடும்பங்களில் இறந்த ஆண்டு தொலைந்து போகும், இறந்த திதி தொலையாது. திதியை ஆங்கிலத் தேதியாக்கிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள், பட்டியலில் அதுவும் இருக்கட்டும்.

காமாட்சிக்கு ஒரு தடயமும் இல்லை. ஆனாலும் அந்த இடத்தை வெறுமையாக விட வேண்டியதில்லை. கமலம் பிறந்த பிறகு, கணபதி பிறப்பதற்கு முன் இறந்தார் என்பது உறுதி, அதை அப்படியே எழுதலாம். ஆண்டு தெரியாவிட்டாலும் எதற்கு முன், எதற்குப் பின் என்பது ஒரு தகவல்தான். பின்னால் ஒரு பத்திரமோ கல்வெட்டோ கிடைத்தால் அதைச் சரிபார்க்க இந்த எல்லைகள்தான் உதவும்.

இப்போது பட்டியல். ஒரு தலைமுறைக்கு ஒரு உள்தள்ளல், கணவன் மனைவிக்கு + குறி, பிள்ளைகள் தாய்க்குக் கீழே பிறந்த வரிசையில். பி. பிறப்பு, தி. திருமணம், இ. இறப்பு, சு. சுமார்.

```
1 சாமிநாதன் (இ. ஜூலை 1971, ஆடி, தேய்பிறை சதுர்த்தசி)
  + முதல் மனைவி: காமாட்சி (இ. 1.1 பிறந்த பின், 1.2 பிறக்கும் முன்)
    1.1 கமலம்
      + கணவர்: பெயர் ?
        1.1.1 செல்லம் [அப்பாயி] (பி. சு. 1950)
          + தி. மே/ஜூன் 1968: ராஜமாணிக்கம், காண்க 1.3
        1.1.2 துரை
          + தி. 1977: வசந்தா, காண்க 1.2.1
  + இரண்டாம் மனைவி: மீனாட்சி
    1.2 கணபதி (பி. சு. 1927)
      + தி. 1952/53: பெயர் ?
        1.2.1 வசந்தா
          + துரை, காண்க 1.1.2
    1.3 ராஜமாணிக்கம் [தாத்தா]
      + செல்லம், காண்க 1.1.1
        1.3.1 [அப்பா] (பி. ஜன./பிப். 1971)
    1.4? ருக்மணி (மாயவரத்தில் திருமணம்)
```

புள்ளி வைத்த எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எண்ணும் பெற்றவரின் எண்ணோடு ஒரு இலக்கம் சேர்ந்தது. எண்ணில் எத்தனை இலக்கமோ அத்தனையாவது தலைமுறை. உள்தள்ளல் இருக்கும்போது எண் எதற்கு என்று கேட்கலாம். இதை வாட்ஸ்அப்பில் சித்தப்பாவுக்கு அனுப்பிப் பாருங்கள், அவர் அதை இன்னொரு குழுவில் ஒட்டுவார், யாரோ அச்சடிப்பார்கள், எங்காவது ஓரிடத்தில் வரி முன்னால் இருக்கும் வெற்றிடமெல்லாம் போய் எல்லாப் பெயரும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். எண் இருந்தால் அப்போதும் யார் யாருக்குப் பிள்ளை என்று படிக்கலாம். உள்தள்ளலுக்கு டேப் விசையைத் தொடாமல் இடைவெளி விசையையே பயன்படுத்துங்கள், டேப் ஒவ்வொரு திரையிலும் ஒவ்வோர் அகலத்தில் வரும். கோடு போட்டு மரம் வரையும் ஆசையும் வேண்டாம். தமிழ் எழுத்துகள் சம அகலம் இல்லாததால், பெயருக்குப் பின்னால் வரும் கோடுகள் நேராக நிற்காது.

ஒருவர் இரண்டு இடத்தில் வருவதை எப்படிக் கையாள்வது என்பது பட்டியலில் தெரிகிறது. செல்லம் பிறந்த இடத்தில் ஒரு முறை, மனைவியாக ஒரு முறை வருகிறார். இரண்டிலும் "காண்க" உண்டு. ஆனால் அவருடைய பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் வர வேண்டும், இங்கே 1.3இன் கீழ். இரண்டு இடத்திலும் எழுதினால் உங்கள் அப்பாவுக்கு 1.1.1.1 என்று நான்காம் தலைமுறை எண்ணும் 1.3.1 என்று மூன்றாம் தலைமுறை எண்ணும் கிடைத்து, பேரன் பேத்தி காலத்தில் ஒருவரே இருவராகிவிடுவார். எந்தப் பக்கம் வைப்பது என்பது உங்கள் இஷ்டம், பட்டியல் முழுக்க ஒரே விதியைக் கடைப்பிடித்தால் சரி. நான் தந்தை பக்கம் வைத்தேன். துரை, வசந்தா பிள்ளைகள் பிறந்திருந்தால் அதே விதிப்படி 1.1.2இன் கீழ் வருவார்கள். அவர்களுக்கு இரண்டு வழியும் ஒரே தலைமுறைதான், சிக்கல் இல்லை.

அரச குலங்களிலும் இதே கதைதான். முதலாம் ராஜராஜனின் மகள் குந்தவையை வேங்கிச் சாளுக்கியன் விமலாதித்தனுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன் கட்டியது மாமன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையை. இந்த இருவரின் பிள்ளைதான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன், ராஜராஜனுக்கு இரண்டு வழியிலும் கொள்ளுப்பேரன். ராஜராஜனின் அக்கா பெயரும் குந்தவை, மகள் பெயரும் குந்தவை. தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கும் நம் வீடுகளில் இது தினசரி வரும் தொல்லை, பெயரை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. எண்கள் அதற்கும் உதவும்.

பட்டியல் ஆனபின் வயதுகளைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள், விடுபட்டவர்கள் அங்கேதான் தட்டுப்படுவார்கள். கணபதிக்கு 1952/53இல் கல்யாணம், இருபத்தைந்து வயது என்று வைத்தால் பிறப்பு 1927 வாக்கில். இது பேச்சில் வந்த தகவல் இல்லை, என் ஊகம், அதனால்தான் "சு." போட்டிருக்கிறேன். கமலம் அவருக்கு முன் பிறந்தவர், நடுவில் காமாட்சி இறந்து மறுமணமும் ஆகியிருக்கிறது. ஆக கமலம் 1925 அல்லது அதற்கும் முன். அப்பாயி பிறக்கும்போது கமலத்துக்குக் குறைந்தது இருபத்தைந்து வயது. பெண்களுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணமான அந்தக் காலத்தில் இது முதல் குழந்தைக்குத் தாமதமான வயது. அப்பாயிக்கு முன் அண்ணனோ அக்காவோ பிறந்து தங்காமல் போயிருக்கலாம். ராஜமாணிக்கத்துக்கும் கணபதிக்கும் நடுவிலும் அப்படிப்பட்ட இடைவெளி இருக்கிறதா பாருங்கள், தம்பி கல்யாணம் அண்ணனுக்குப் பதினைந்து வருஷம் கழித்து நடந்திருக்கிறது. கேட்கும்போது "எத்தனை பிள்ளைங்க" என்று கேட்டால் உயிரோடு வளர்ந்தவர்களை மட்டும்தான் சொல்வார்கள். "உங்களுக்கு முன்னால யாராவது பொறந்து தங்காமப் போனாங்களா" என்று மெதுவாகக் கேட்க வேண்டும், அதுவும் மற்றவர்கள் இல்லாதபோது. அப்படி ஒருவர் இருந்தால் பெயர் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒரு வரி, ஒரு எண் உண்டு. மற்றவர்களின் எண்கள் தள்ளிப் போகும் என்பதால், இந்தக் கேள்வியெல்லாம் முடியும்வரை எண்களை இறுதியாக்கி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

காகிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பாகப்பிரிவினைப் பத்திரம். 1971இல் சாமிநாதன் போனபின் நிலத்தைப் பிரித்திருந்தால் கணபதி, ராஜமாணிக்கம் இருவரும் தந்தை பெயரோடு, வழக்கமாக வயதோடும், அதில் இருப்பார்கள். நான் ஊகித்த 1927 அங்கே சரியாகவோ தப்பாகவோ தெரிந்துவிடும். கமலமும் ருக்மணியும் அதில் இல்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள். பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாகத் தனியாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதையும் தேடுங்கள்.

ருக்மணிக்கு 1.4 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்தி என்பதால் அவர் கமலத்துக்கு இளையவர் என்று மட்டும்தான் தெரிகிறது. சின்ன மாமா என்பதால் ராஜமாணிக்கம் கணபதிக்கு இளையவர், அவ்வளவே. ருக்மணி மீனாட்சியின் மூன்று பிள்ளைகளில் முதலாவதா, நடுவா, கடைசியா என்று அப்பாயி பேசியதில் எங்குமே இல்லை. "ருக்மணி எப்பப் பொறந்தாங்க" என்று கேட்டால் பதில் வராது. "சித்தி நம்ம தாத்தாவை அண்ணன்னு கூப்பிடுமா, தம்பின்னு கூப்பிடுமா" என்று கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார். கணபதியை எப்படிக் கூப்பிட்டார் என்பதையும் அதே மூச்சில் கேட்டு, எண்ணை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.